தண்ணீரில் மிதக்கும் பவுடர்

ஒரகடம் கூட்டு ரோட்டு டீக்கடையில் கம்பெனி பஸ்ஸுக்காகக் காத்திருந்த தம்பி பெஞ்சில் சரியாக உட்காராமல் நெளிந்துகொண்டிருந்தான். தொடை இடுக்கில் எரிச்சல் என்று தயங்கித் தயங்கிச் சொன்னான். "ரெண்டு வேளையும் பவுடர் போடுறேண்ணே. போடப் போட அதிகமாத்தான் ஆகுது." பையில் டப்பாவும் இருந்தது. இருபது வருஷம் பவுடர் கலக்கும் வேலையில் இருந்தவன் நான். அவன் டப்பாவை வாங்கி, மேஜையில் இருந்த தண்ணீர் டம்ளரில் ஒரு சிட்டிகை தூவிக் காட்டினேன்.

பவுடர் மூழ்கவில்லை. வெள்ளைப் படலமாக மேலேயே மிதந்தது. கடைக்காரரிடம் கொஞ்சம் சோளமாவு வாங்கி இன்னொரு டம்ளரில் போட்டேன். அது நனைந்து, தண்ணீரைக் கலக்கிக்கொண்டு அடியில் இறங்கியது.

டால்க் என்பது மாக்கல்லின் தூள். கனிமங்களிலேயே மிருதுவானது, நகத்தால் கீறலாம். அது மெல்லிய தகடுகளாகப் பிரியும். தகடுகள் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதால்தான் கைக்குப் பட்டுப்போல இருக்கிறது. ஆனால் அந்தத் தகட்டின் முகத்தில் தண்ணீர் ஒட்டாது. "அப்ப வேர்வைய எப்படிண்ணே உறிஞ்சுது?" என்றான். தகடு உறிஞ்சுவதில்லை. தகடுகளுக்கு நடுவே உள்ள சந்துகளில் வேர்வை கொஞ்சம் பரவி நிற்கிறது. காற்றுப் படும் கழுத்திலும் முதுகிலும் அது சீக்கிரம் ஆவியாகிவிடும். கூடவே கலக்கிற மெக்னீசியம் கார்பனேட், சில பவுடர்களில் மாவுச்சத்து, இவைதான் ஈரத்தை உள்ளே வாங்குபவை. அவை வாங்குவதற்கும் ஓர் அளவு உண்டு.

வாசனையையும் அந்த மெக்னீசியம் கார்பனேட்டில்தான் ஏற்றுவோம். சென்ட்டை நேராக டால்க்கில் ஊற்றினால் கட்டி கட்டியாகிவிடும். முதலில் இந்தத் தூளில் ஊறவைத்து, சலித்து, பிறகு பெரிய கலவையில் சேர்ப்போம். சென்ட்டின் அளவு நூற்றுக்கு ஒரு பங்குகூட வராது. உடம்புச் சூட்டில் அது மெல்ல ஆவியாகி மணக்கிறது. வேர்வை நாற்றம், தோலில் உள்ள பாக்டீரியா வேர்வையைச் சிதைப்பதால் வருவது. சென்ட் பாக்டீரியாவைக் கொல்லாது, நாற்றத்தை மறைக்கும். குளுகுளு பவுடரில் உள்ள மென்தாலும் அப்படித்தான். குளிர்ச்சியை உணரும் நரம்பைத் தூண்டுகிறது, தோலின் சூட்டைக் குறைப்பதில்லை.

தம்பியின் நாளைக் கேட்டேன். குளித்து, அவசரமாகத் துடைத்து, அரை ஈரத்தோடு டப்பாவை நேராக இடுக்கில் குலுக்குகிறான். மேலே இறுக்கமான ஜட்டி, அதன்மேல் தடித்த யூனிஃபார்ம். பிறகு எட்டு மணி நேரம் லைனில் நின்று வேலை. இடுக்கில் காற்று இல்லை, ஆவியாக வழியில்லை. சந்துகள் வேர்வையால் நிரம்பியதும் பவுடர் குழைந்து உருண்டையாகிறது. வழுக்குவதற்குப் பதில் மடிப்பின் அடியில் சேர்ந்து உரசுகிறது. ஊறிப்போன தோல் சீக்கிரம் உரியும். சாப்பாட்டு நேரத்தில் அதன் மேலேயே இன்னொரு முறை போடுகிறான். அக்குளிலும், பெண்களுக்கு மார்பின் கீழும், தொப்பை மடிப்பிலும் இதேதான் நடக்கும்.

எந்தப் புண் என்று பார்க்கச் சில அடையாளங்கள் உண்டு. தோல் தோலோடு உரசும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி சிவந்து எரிந்தால் உரசல் புண். சிவப்பைச் சுற்றிக் குட்டிக் குட்டிப் புள்ளிகள் வந்தால் ஈஸ்ட் வகைப் பூஞ்சை. விளிம்பு தடித்து வளையமாகப் பரவினால் படர்தாமரை. மடிப்பு மட்டுமல்லாமல் கழுத்து, முதுகு என்று பவுடர் பட்ட இடமெல்லாம், போட்டு ஒன்றிரண்டு நாள் கழித்து அரித்தால் சென்ட் ஒவ்வாமையாக இருக்கலாம். ஒன்றுக்கு மேல் சேர்ந்தும் வரும், அதனால் சந்தேகம் என்றால் தோல் டாக்டரிடம் காட்டுவதுதான் சரி. மெடிக்கலில் நாமாக வாங்கும் கலவை க்ரீமை மட்டும் தொடாதே என்று அழுத்திச் சொன்னேன். பலவற்றில் ஸ்டீராய்டு இருக்கும். அரிப்பு இரண்டு நாளில் அடங்கும், படர்தாமரை உள்ளுக்குள் பரவிக்கொண்டிருக்கும்.

தம்பிக்கு வளையமோ புள்ளியோ இல்லை, இரு தொடையிலும் எரிச்சல் மட்டும்தான். புண் ஆறும்வரை அங்கே பவுடரே வேண்டாம் என்றேன். குழைந்ததைத் தேய்க்காமல் வெறும் தண்ணீரில் கழுவ வேண்டும். துணியால் ஒற்றி எடுத்து, ஃபேன் காற்றில் பத்து நிமிஷம் காயவிட வேண்டும். வேலைக்குப் போகும்போது வாசலின் மெல்லிசாகத் தடவினால் உரசல் குறையும். மாற்று ஜட்டி ஒன்று பையில் இருக்கட்டும், பருத்தியில், தளர்வாக. ஒரு வாரத்தில் குறையாவிட்டால் டாக்டர்.

"அப்ப இந்த டப்பா?"

"கழுத்துக்கும் முதுகுக்கும் போட்டுக்கோ. உடம்பு காஞ்சப்புறம், உள்ளங்கையில கொட்டித் தேய்ச்சு, மெல்லிசா. மூஞ்சிக்கு நேரா குலுக்காத, அந்தத் தூசி மூச்சுல போகக் கூடாது."

பஸ் வந்தது. டம்ளரில் பவுடர் அப்போதும் மிதந்துகொண்டிருந்தது. அதை ஒரு தரம் எட்டிப் பார்த்துவிட்டு ஓடினான்.