3580-க்கு மேலே ஐந்தரைப் புள்ளி

2022 செப்டம்பர் 30, வெள்ளிக்கிழமை. அமெரிக்காவின் எஸ் அண்ட் பி 500 குறியீடு அன்றைய வர்த்தகத்தை 3585.62 புள்ளியில் முடித்தது. சரியாக மூன்று மாதம் கழித்து, டிசம்பர் 30 அன்று அது முடிந்த இடம் 3839.50.

ஆப்ஷன் சந்தையைத் தொழிலாகக் கவனிப்பவர்கள் இந்த இரண்டு நாளுக்கும் வாரக்கணக்காக வேறு இரண்டு எண்களைக் குறித்து வைத்திருந்தார்கள். செப்டம்பருக்கு 3580. டிசம்பருக்கு 3835. இரண்டு முறையும் ஐந்து, ஆறு புள்ளிக்குள் குறியீடு அந்த எண்ணை ஒட்டி வந்து நின்றது. அந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்த்தால், சந்தையின் உள்ளே ஓடும் ஒரு விசை கண்ணுக்குத் தெரியும்.

இரண்டுமே ஒரே பரஸ்பர நிதி செய்த வியாபாரத்தில் வந்த எண்கள். ஜே.பி. மார்கன் ஹெட்ஜ்டு ஈக்விட்டி ஃபண்ட் என்பது அதன் பெயர். பெரிய அமெரிக்க நிறுவனங்களின் பங்குகளை வாங்கி வைத்துக்கொண்டு, அவற்றுக்கு ஆப்ஷன் மூலம் காப்பீடு போட்டுக்கொள்ளும் நிதி அது. ஒவ்வொரு காலாண்டின் கடைசி நாளிலும் மூன்று மாதத்துக்கு மூன்று ஆப்ஷன்களை ஒரே மூட்டையாக மாற்றும். சந்தைக்குச் சுமார் 5 சதவீதம் கீழே ஒரு புட் ஆப்ஷனை வாங்கும். அதற்குக் கீழே குறியீடு விழுந்தால் நஷ்டம் ஈடாகும். சுமார் 20 சதவீதம் கீழே இன்னொரு புட்டை விற்கும். இந்தக் காப்பீட்டுக்கான செலவை ஈடுகட்ட, சந்தைக்குச் சில சதவீதம் மேலே ஒரு கால் ஆப்ஷனை விற்றுவிடும். அதற்கு மேல் கிடைக்கும் லாபம் அதற்கு வேண்டாம். கைக்காசு ஏறக்குறைய செலவாகாமலே காப்பீடு முடிந்துவிடும்.

2022 ஜூன் கடைசியில் குறியீடு 3785-இல் இருந்தபோது போட்ட மூட்டையில் வாங்கிய புட் 3580, விற்ற புட் 3020, விற்ற கால் 4005. செப்டம்பர் கடைசியில் போட்ட அடுத்த மூட்டையில் கால் 3835.

வாங்குகிறவர் இருந்தால் விற்கிறவர் ஒருவர் இருந்தாக வேண்டும். இந்த நிதிக்கு எதிர்ப்பக்கம் நிற்பவர்களைத்தான் டீலர்கள் அல்லது மார்க்கெட் மேக்கர்கள் என்கிறார்கள். பெரிய வங்கிகளின் ஆப்ஷன் டெஸ்க்குகளும், இதற்கென்றே இருக்கும் வர்த்தக நிறுவனங்களும் அதில் அடக்கம். சந்தை ஏறுமா இறங்குமா என்று பந்தயம் கட்டுவது இவர்கள் பிழைப்பு அல்ல. வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள சிறு இடைவெளிதான் வருமானம். அதனால் கையில் சேர்ந்த ஆப்ஷனின் ஏற்ற இறக்க அபாயத்தை உடனுக்குடன் ஃப்யூச்சர்ஸ் மூலம் நேர்செய்துகொண்டே இருப்பார்கள். ஹெட்ஜ் செய்வது என்பது இதுதான்.

எவ்வளவு ஹெட்ஜ் செய்ய வேண்டும் என்பதை டெல்டா சொல்லும். குறியீடு ஒரு புள்ளி நகர்ந்தால் ஆப்ஷனின் விலை எவ்வளவு நகரும் என்பதே டெல்டா. சிக்கல் என்னவென்றால், அது ஒரு இடத்தில் நிற்காது. ஸ்ட்ரைக் விலையிலிருந்து குறியீடு வெகுதூரத்தில் இருக்கும் கால் ஆப்ஷனுக்கு டெல்டா பூஜ்யத்தை ஒட்டியிருக்கும். ஸ்ட்ரைக்கைத் தாண்டி மேலே போய்விட்டால் ஒன்றை நெருங்கும். நடுவே அது மாறுகிற வேகத்துக்குப் பெயர் காமா. எக்ஸ்பைரிக்கு இன்னும் மூன்று மாதம் இருக்கும்போது இந்த மாற்றம் மெதுவாக நடக்கும். ஒரு நாள்தான் பாக்கி, குறியீடும் ஸ்ட்ரைக்கின் அருகிலேயே நிற்கிறது என்றால், சில புள்ளி நகர்வதற்குள் டெல்டா தாவிவிடும். அப்போது டெஸ்க்கில் இருப்பவர் சும்மா உட்கார்ந்திருக்க முடியாது.

இனிதான் முக்கியமான இடம். ஆப்ஷனை டீலர் வாங்கி வைத்திருக்கிறாரா, விற்று வைத்திருக்கிறாரா என்பதைப் பொறுத்து, அவர் செய்ய வேண்டிய வேலை நேரெதிராக மாறிவிடும்.

டிசம்பரின் 3835 கால் ஆப்ஷனை நிதி விற்றது, டீலர் வாங்கினார். அதற்கு ஈடாக அவர் ஃப்யூச்சர்ஸை விற்று வைத்திருப்பார். குறியீடு ஏறினால் அவருடைய கால் ஆப்ஷனின் டெல்டா கூடும். எனவே இன்னும் கொஞ்சம் விற்க வேண்டும். இறங்கினால் டெல்டா குறையும். விற்றதில் ஒரு பகுதியைத் திரும்ப வாங்க வேண்டும். ஏறும்போது விற்பது, இறங்கும்போது வாங்குவது. சந்தையின் வேகத்துக்கு எதிராகவே அவர் கை போகும். இதைத்தான் பாசிட்டிவ் காமா என்கிறார்கள், அலைச்சல் தணியும்.

செப்டம்பரின் 3580 புட்டை நிதி வாங்கியது, டீலர் விற்றார். குறியீடு விழ விழ அவர் தலைமேல் இருக்கும் கடன் பெருகும். அதை ஈடுகட்ட ஃப்யூச்சர்ஸை விற்க வேண்டும். இன்னும் விழுந்தால் இன்னும் விற்க வேண்டும். ஏறினால் விற்றதைத் திரும்ப வாங்க வேண்டும். சந்தை போகும் திசையிலேயே அவரும் சேர்ந்து தள்ளுகிறார். இது நெகட்டிவ் காமா. இறக்கம் மட்டுமல்ல, ஏற்றமும் பெரிதாகும் என்பதைக் கவனிக்க வேண்டும்.

செப்டம்பர் 29 வியாழன் மாலையில் ஒரு டீலரின் கணக்கை உத்தேசமாகப் போட்டுப் பார்க்கலாம். குறியீடு 3640-இல் முடிந்திருக்கிறது. எக்ஸ்பைரிக்கு ஒரே நாள். அந்த வாரத்தின் கொந்தளிப்பை வைத்துப் பார்த்தால் 3580 புட்டின் டெல்டா ஏறக்குறைய 0.18 அளவில் இருக்கும். மறுநாள் குறியீடு 3600-க்கு வந்தால் அது 0.38 பக்கம் போய்விடும். மொத்தம் 40 ஆயிரம் ஆப்ஷன் ஒப்பந்தங்கள் என்று வைத்துக்கொள்வோம். அன்று அந்த நிதியின் அளவுக்கு இது பொருந்தும் எண்தான். ஓர் ஆப்ஷன் ஒப்பந்தம் குறியீட்டின் 100 மடங்கு, ஒரு ஈ-மினி ஃப்யூச்சர் 50 மடங்கு. ஆக, டெல்டாவில் 0.20 மாற்றம் வந்தால் 16 ஆயிரம் ஈ-மினி ஒப்பந்தங்களைப் புதிதாக விற்க வேண்டும். ஒன்றின் மதிப்பு சுமார் 1,80,000 டாலர். மொத்தம் கிட்டத்தட்ட 290 கோடி டாலர். வெறும் நாற்பது புள்ளி இறக்கத்துக்கு இவ்வளவு விற்பனை!

ஆனாலும் தொகையைப் பார்த்துப் பயந்துவிடக் கூடாது. அந்த நாட்களில் ஈ-மினி ஃப்யூச்சர்ஸில் ஒரு நாளைக்கு 20 லட்சம் ஒப்பந்தங்கள் சர்வசாதாரணமாகக் கைமாறின. அதன் முன் 16 ஆயிரம் என்பது ஒரு சதவீதம்கூட இல்லை. இந்த விற்பனைக்கு வேறொரு குணம் உண்டு. அதுதான் எடை கூட்டுகிறது. விலை மலிவா, அதிகமா என்று பார்த்து வரும் விற்பனை அல்ல இது. விலை இறங்கியது என்பதற்காகவே, ஒரே திசையில், குறுகிய நேரத்துக்குள் வந்தாக வேண்டியது. வாங்க ஆள் குறைந்திருக்கும் நேரத்தில் வந்தால் அதன் தடம் பெரிதாகத் தெரியும்.

அந்த வாரம் சந்தை நடந்த விதத்தைப் பார்க்கலாம். 28-ஆம் தேதி சுமார் 2 சதவீதம் ஏற்றம். 29-ஆம் தேதி 2.1 சதவீதம் இறக்கம். 30-ஆம் தேதி மேலும் 1.5 சதவீதம் இறக்கம். ஏற்றத்தைத் தொடங்கி வைத்தது காமா அல்ல. பிரிட்டிஷ் கடன்பத்திரச் சந்தை நிலைகுலைந்து, 28-ஆம் தேதி பாங்க் ஆஃப் இங்கிலாந்து பத்திரங்களை வாங்க இறங்கியது. அதில் உலகம் முழுவதும் சந்தைகள் மூச்சு விட்டன. ஃபெடரல் ரிசர்வ் வட்டியை உயர்த்திக்கொண்டே போகிறது என்ற அச்சமும் பின்னணியில் இருந்தது. காரணத்தைச் செய்தி தருகிறது. அந்த அசைவு ஒன்றாக நிற்குமா ஒன்றரையாக வளருமா என்பதில்தான் டீலர்களின் ஹெட்ஜுக்குப் பங்கு.

டிசம்பரின் கடைசி நாட்கள் வேறு மாதிரி. 27-ஆம் தேதி 3829. மறுநாள் 3783-க்கு இறக்கம். 29-ஆம் தேதி 3849. கடைசி நாளில் குறியீடு பகலில் 3800 வரை சரிந்துவிட்டு, முடியும்போது 3839.50-க்கு ஏறி வந்தது. விலகிப் போனாலும் திரும்பத் திரும்ப 3835-ஐச் சுற்றியே வந்தது. விடுமுறைக் கால வியாபாரக் குறைவும் இதற்கு உதவியிருக்கும். கால் ஆப்ஷனைக் கையில் வைத்திருந்த டீலர் 3800-இல் வாங்குபவர், 3850-இல் விற்பவர். இப்படி ஸ்ட்ரைக்கில் ஒட்டிக்கொள்வதை வர்த்தகர்கள் பின்னிங் என்பார்கள்.

இது ஒரு நிதியின் கதை மட்டும் என்று தள்ளிவிட முடியாது. பால்டுசன், டா, லாமர்ஸ், மார்டென்ஸ் ஆகிய நால்வர் 2021-இல் வெளியிட்ட ஆய்வு, 1974 முதல் 2020 வரை 60-க்கும் மேற்பட்ட ஃப்யூச்சர்ஸ்களை எடுத்துக்கொண்டது. நாள் முழுவதும் சந்தை எந்தப் பக்கம் போனதோ, கடைசி அரைமணி நேரத்திலும் அதே பக்கம் போகும் போக்கு இருப்பதை அது காட்டியது. டீலர்களின் காமா நெகட்டிவாக இருக்கும் நாட்களில் அந்தப் போக்கு வலுவாக இருந்தது. நாள் முடிவதற்குள் ஹெட்ஜை நேர்செய்ய வேண்டிய கட்டாயம் இதோடு பொருந்துகிறது.

இப்போது பல இணையத் தளங்களில் ‘ஜெக்ஸ்’ என்ற பெயரில் காமா வரைபடம் கிடைக்கிறது. ஒவ்வொரு ஸ்ட்ரைக்கிலும் நிலுவையில் உள்ள ஒப்பந்தங்களைக் காமாவால் பெருக்கி, கால் ஆப்ஷன்களைக் கூட்டி, புட்களைக் கழித்துப் பட்டையாக வரைவார்கள். மொத்தம் பூஜ்யமாகும் விலை, அமைதிக்கும் கொந்தளிப்புக்கும் நடுவே உள்ள எல்லைக்கோடாகக் காட்டப்படும். பார்க்க எளிது. ஆனால் அதன் அடியில் ஓர் அனுமானம் இருக்கிறது: முதலீட்டாளர்கள் கால்களை விற்கிறார்கள், புட்களை வாங்குகிறார்கள் என்பது. நிலுவைக் கணக்கில் எண்ணிக்கை மட்டும்தான் இருக்கும். யார் வாங்கியவர், யார் விற்றவர் என்பது இருக்காது. நாம் பார்த்த நிதியேகூட 3020-இல் புட்டை விற்றிருந்தது. அந்த வரைபடம் அதைத் தலைகீழாகவே எண்ணும். தவிர, நிலுவைக் கணக்கு முந்தைய நாள் முடிவில் எடுக்கப்படுவது. 2022-இல் எஸ் அண்ட் பி 500-க்கு வாரத்தின் ஐந்து நாளும் எக்ஸ்பைரி வந்துவிட்டது. காலையில் வாங்கி மாலையில் காலாவதியாகும் ஆப்ஷன்கள் அந்தக் கணக்கில் ஏறுவதே இல்லை.

பெரிய ஸ்ட்ரைக் என்பதற்காகச் சந்தை அங்கே வந்து நின்றாக வேண்டும் என்பதும் இல்லை. 2023 ஜூன் கடைசியில் முடிந்த மூட்டையில் அதே நிதியின் கால் 4320. அந்தக் காலாண்டில் செயற்கை நுண்ணறிவு நிறுவனங்களின் பங்குகள் சந்தையை மேலே இழுத்துச் சென்றன. டீலர்கள் ஏற ஏற விற்றிருப்பார்கள், அது போதவில்லை. ஜூன் மத்தியிலேயே குறியீடு 4320-ஐத் தாண்டிவிட்டது. ஜூன் 30 அன்று 4450-இல் முடிந்தபோது அந்தக் காலின் டெல்டா ஒன்றில் போய் நின்றுவிட்டிருந்தது, காமா வற்றிவிட்டிருந்தது. அந்த ஸ்ட்ரைக்குக்காக எந்த டீலரும் அன்று ஒரு ஃப்யூச்சரைக்கூடப் புதிதாக வாங்கவோ விற்கவோ வேண்டியிருக்கவில்லை.