தயங்கி நிற்கும் இடத்தில் பலகை

பெரிய மருத்துவமனைகளில் அறை வாசல்தோறும் பெயர்ப்பலகை இருக்கும். ஆனால் அறைக்கு வந்து சேர்ந்த பிறகுதான் அது கண்ணில் படுகிறது. அதுவரை ஆள் ஆளாகக் கேட்டுத்தான் வர வேண்டியிருக்கிறது. அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழக மருத்துவமனையில் இதைக் கணக்கிட்டுப் பார்த்தார்கள். 1990இல் வெளியான அந்த ஆய்வின்படி, வழி சொல்வது தங்கள் வேலையே அல்லாத ஊழியர்கள் அதற்காக ஆண்டுக்கு 4,500 மணி நேரத்துக்கு மேல் செலவழித்தார்கள். அவர்களின் சொந்த வேலைக்குப் போயிருக்க வேண்டிய நேரம் அது.

பலகை எங்கே வேண்டும் என்பதை அறைகளை வைத்து முடிவு செய்யக் கூடாது, நடப்பவரை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். ஓபியில் டாக்டர் வயிற்று ஸ்கேனுக்கு எழுதித் தருகிறார் என்று வைத்துக்கொள்வோம். அம்மாவைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு மகள் புறப்படுகிறாள். ஓபி வாசலில் இடமா வலமா, நடைபாதை பிரியும் இடத்தில் எந்தப் பக்கம், லிஃப்ட் முன்னால் எந்த மாடி, லிஃப்டை விட்டு இறங்கியதும் எந்தத் திசை: இந்த நான்கு இடங்களில் அவள் தயங்குவாள். கட்டட வரைபடத்தில் இவற்றைத்தான் முதலில் வட்டமிட வேண்டும். திருப்பத்துக்குச் சற்று முன்பே, நடப்பவருக்கு நேரெதிராக, கூட்டத்தின் தலைக்கு மேலே பலகை தொங்க வேண்டும். சுவரோடு ஒட்டிய பலகை பக்கவாட்டில் கடந்துபோய்விடும். வாசலிலேயே எல்லாத் துறைகளையும் அடுக்கினால் யாரும் படிக்க மாட்டார்கள். அங்கே எந்தக் கட்டடம், எந்த மாடி என்பது போதும். அறை எண் அந்த மாடிக்குப் போன பிறகு தெரிந்தால் போதும்.

சீட்டில் ‘யுஎஸ்ஜி’, பலகையில் ‘கதிரியக்கவியல் துறை’, நர்ஸ் சொல்வது ‘ஸ்கேன் ரூம்’ என்று இருந்தால், சரியான இடத்தில் மாட்டிய பலகையும் பயன்படாது. மக்கள் சொல்லும் பெயர் ஒன்றைத் தேர்ந்து, சீட்டிலும் பலகையிலும் அதையே போட வேண்டும். எழுத்தளவுக்குப் பொதுவான கணக்கு, 25 அடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம். 50 அடியில் படிக்க 2 அங்குலம் என்பது குறைந்தபட்சம்தான். தமிழ் எழுத்தின் சுழிகள் தூரத்தில் ஒன்றோடொன்று அடைந்துகொள்ளும். பார்வை மங்கிய முதியவர்களும் வருவார்கள். அதனால் 3 அங்குலம் வைப்பது நல்லது. தரையில் வண்ணக்கோடு போடுவது எளிதில் புரியும் வழிதான், இரண்டு மூன்று இடங்கள் வரைக்கும். அதற்கு மேல் போனால் நிறங்கள் குழம்பும், கூட்டத்தில் கோடே தெரியாது.

பலகைகள் சரியா என்று பார்க்க, அங்கே வந்தே இராத ஒருவரிடம் சீட்டைக் கொடுத்து அனுப்பி, பின்னாலேயே பேசாமல் போக வேண்டும். அவர் நின்ற இடம், திரும்பிப் பார்த்த இடம், கேட்ட இடம் எல்லாவற்றையும் வரைபடத்தில் குறிக்க வேண்டும். மருந்தகத்துக்கும் வெளிவாசலுக்கும் திரும்பி வரும் வழியையும் சேர்த்தே பார்க்க வேண்டும். பெரும்பாலும் விட்டுப்போவது அதுதான். ஊழியர்கள் டேப் போட்டு ஒட்டிய தாள்களும் நல்ல தடயம். ‘ஸ்கேன் இங்கே இல்லை’ என்ற தாள் ஒட்டியிருந்தால், ஒரு பலகை முன்னதாகவே இருந்திருக்க வேண்டும் என்று பொருள்.

ஒவ்வொரு பலகைக்கும் எண் கொடுத்து, அதில் எந்தெந்தத் துறையின் பெயர் இருக்கிறது என்று ஒரு பதிவேடும் வைக்க வேண்டும். ஸ்கேன் அறை வேறு மாடிக்கு மாறும் நாளில், எந்தெந்தப் பலகையை மாற்ற வேண்டும் என்று அதைப் பார்த்தே சொல்லிவிடலாம்.