நகை பில்லில் எது தங்கம், எது கூலி?

பழவேற்காடு ஏரியைச் சுற்றியுள்ள குப்பங்களில், இறாலும் நண்டும் நன்றாகப் பட்ட மாதத்தில் வாங்கிய நகை, வருமானம் இல்லாத மாதத்தில் அடகுக்குப் போய்விடும். முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டாலும், புயல் எச்சரிக்கையால் படகுகள் கரையிலேயே நின்றாலும், வீட்டில் முதலில் கைவைப்பது சங்கிலியில்தான். அதனால் இங்கே நகை வாங்குகிறவர், மொத்த விலையோடு இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். கொடுக்கும் பணத்தில் எவ்வளவு தங்கமாகக் கையில் நிற்கும், எவ்வளவு திரும்பி வராது? அதற்கான விடை பில்லில்தான் இருக்கிறது.

இரண்டு சவரன் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டுக் கடை வழக்கில் ஒரு சவரன் 8 கிராம். இரண்டு சவரன் 16 கிராம். தங்கத்தின் விலை தினம் மாறுவதால், கணக்குக்கு வசதியாக 22 காரட் தங்கம் கிராம் 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். சேதாரம் 10 சதவீதம், தனியாகச் செய்கூலி இல்லை.

தங்கம்: 16 × 10,000 = ரூ.1,60,000
சேதாரம் 10%: ரூ.16,000
இவற்றின் மீது ஜிஎஸ்டி 3%: ரூ.5,280
ஹால்மார்க் கட்டணம்: ரூ.45, அதற்கு ஜிஎஸ்டி 18%: ரூ.8.10
மொத்தம்: ரூ.1,81,333.10

கடையிலிருந்து வெளியே வரும்போது கழுத்தில் இருப்பது 1,60,000 ரூபாய்த் தங்கம். மீதி 21,333 ரூபாய் சேதாரத்துக்கும் வரிக்கும் கட்டணத்துக்கும் போய்விட்டது. மூன்று சதவீத வரி, தங்கத்தின் விலைக்கு மட்டுமன்றி சேதாரத்துக்கும் சேர்த்தே போடப்படுகிறது. சேதாரம் ஏறினால் வரியும் கூடவே ஏறும்.

சேதாரமா, செய்கூலியா?

நகை செய்யும்போது அறுத்து, அராவி, உருக்குவதில் வீணாகும் தங்கத்துக்கு ஈடாக வாங்குவது சேதாரம். ஆசாரியின் உழைப்புக்கு வாங்குவது செய்கூலி. இன்றைய கடைகளில் இரண்டும் கடைக்காரர் வைக்கும் விலையே. இவ்வளவுதான் என்று சட்டம் வரம்பு கட்டவில்லை. அதனால்தான் ஒரே எடையுள்ள சங்கிலிக்குக் கடைக்குக் கடை விலை மாறுகிறது. பேரம் பேச இடம் இருப்பதும் இங்கேதான்.

‘சேதாரம் வெறும் 6 சதவீதம்’ என்ற பலகையைப் பார்த்துவிட்டு உள்ளே போகிறவர், செய்கூலி எவ்வளவு என்றும் கேட்க வேண்டும். 6 சதவீதச் சேதாரத்தோடு கிராமுக்கு 700 ரூபாய் செய்கூலி கேட்கும் கடையில், நம் 16 கிராம் சங்கிலிக்கு 9,600 ரூபாயும் 11,200 ரூபாயும் சேர்ந்து 20,800 ரூபாய் ஆகும். செய்கூலியே இல்லாமல் 12 சதவீதச் சேதாரம் கேட்கும் பக்கத்துக் கடையில் 19,200 ரூபாய்தான். சதவீதத்தைப் பார்த்தால் முதல் கடை மலிவு. ரூபாயைப் பார்த்தால் இரண்டாவது கடை. தங்க விலைக்கு மேல் கேட்கும் எல்லாவற்றையும் கூட்டி, கிராம் எடையால் வகுத்துப் பாருங்கள். முதல் கடையில் கிராமுக்கு 1,300, இரண்டாவதில் 1,200. எந்தக் கடையையும் எந்தக் கடையோடும் ஒப்பிட இந்த ஓர் எண் போதும்.

கல்லுக்குத் தங்க விலை

கல் பதித்த ஜிமிக்கியில் கவனிக்க வேண்டியது எடை. தராசில் 8 கிராம் காட்டும் ஜிமிக்கியில் கல்லும் அரக்கும் 0.6 கிராம் இருந்தால், தங்கம் 7.4 கிராம்தான். பில்லில் மொத்த எடை, கல் எடை, நிகர எடை என மூன்றும் தனித்தனியே இருக்க வேண்டும். தங்க விலையும் சேதாரமும் நிகர எடைக்கே போட வேண்டும். கல்லுக்கு விலை உண்டென்றால் அது தனி வரியில் வரட்டும். மொத்த எடைக்கே விலை போட்டால், 0.6 கிராமுக்கு 6,000 ரூபாய், 12 சதவீதச் சேதாரம் 720 ரூபாய், வரி 201 ரூபாய் 60 காசு என ஏறக்குறைய 6,900 ரூபாயைக் கல்லுக்கும் அரக்குக்கும் கொடுத்தவராவோம்.

தரத்தைக் காட்டும் மூன்று முத்திரைகள்

ஹால்மார்க் சொல்வது தங்கத்தின் தரத்தை மட்டுமே. எடைக்கோ விலைக்கோ அது உத்தரவாதம் இல்லை. நகையில் மூன்று குறிகள் இருக்க வேண்டும்: இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் முக்கோண முத்திரை, 22K916 போன்ற தரக்குறி, எழுத்தும் எண்ணும் கலந்த ஆறு இலக்க HUID. 916 என்றால் ஆயிரம் பங்கில் 916 பங்கு சுத்தத் தங்கம். 18K750 என்று இருந்தால் 750 பங்குதான். அதற்கு 22 காரட் விலை போடக் கூடாது. பழைய கடைகளில் இன்றும் காதில் விழும் ‘கேடிஎம்’ தரக்குறியே அல்ல. காட்மியம் கலந்த பற்றுவைப்பைக் குறித்து வந்த பெயர் அது.

2023 ஏப்ரல் 1 முதல், ஹால்மார்க் கட்டாயமான இடங்களில் ஆறு இலக்க HUID இல்லாத நகையை விற்கக் கூடாது. ஒவ்வொரு நகைக்கும் தனி எண். கைப்பேசியில் BIS Care செயலியைத் திறந்து, Verify HUID பகுதியில் அந்த எண்ணைப் போட்டால் நகையின் வகை, தரம், பதிவு பெற்ற கடை, சோதித்த மையம் ஆகிய விவரங்கள் வரும். கையில் இருப்பது சங்கிலியாக இருக்க, திரையில் மோதிரம் என்று வந்தால் அந்த எண் வேறொரு நகையுடையது. பணம் கட்டும் முன்பே இதைப் பார்த்துவிட வேண்டும்.

இதில் விலக்குகளும் உண்டு. அவற்றில் இரண்டைக் கவனிக்க வேண்டும். 2 கிராமுக்குக் குறைவான நகைக்கும், ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாய்க்கு மேற்படாத கடைக்கும் ஹால்மார்க் கட்டாயமில்லை. மூக்குத்தி, குழந்தை மோதிரம் போன்ற சிறு நகைகளையும், ஊர்ப்பக்கத்துச் சிறு கடைகளையும் நம்பி வாங்குகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும். சந்தேகம் வந்தால் அங்கீகாரம் பெற்ற சோதனை மையத்தில் கட்டணம் கட்டி யாரும் நகையைச் சோதித்துக்கொள்ளலாம்.

ஹால்மார்க் நகையில் தரம் குறைந்தால், குறைந்த தங்கத்தின் மதிப்பைப் போல இரண்டு மடங்கும் சோதனைக் கட்டணமும் வாங்கியவருக்கு இழப்பீடாகக் கிடைக்க வேண்டும் என்று 2018-ஆம் ஆண்டு விதிகள் சொல்கின்றன. நம் சங்கிலி 916-க்குப் பதில் 880 என்று வந்தால், 1,60,000 ரூபாயில் குறைந்தது சுமார் 6,288 ரூபாய். இழப்பீடு 12,576 ரூபாய். ஆனால் இதைக் கேட்க பில் கையில் இருக்க வேண்டும். நகையின் பெயர், நிகர எடை, காரட்டும் தரமும், ஹால்மார்க் கட்டணம் ஆகியவை பில்லில் தனித்தனியே இருக்க வேண்டும் என்பது விதி. ‘வரி மிச்சம்’ என்று துண்டுச்சீட்டில் எழுதித் தருகிறவரிடம் வாங்கினால், 5,280 ரூபாய் மிச்சமாகும். இந்த உரிமையை நிலைநாட்டும் சான்று போய்விடும்.

அடகு வைக்கும்போது

வங்கியோ நிதி நிறுவனமோ நகைக்குள் இருக்கும் தங்கத்துக்கு மட்டுமே மதிப்புப் போடும். கல்லுக்கு மதிப்பில்லை, நாம் கட்டிய சேதாரமும் வரியும் அங்கே கணக்கில் வராது. ரிசர்வ் வங்கி 2025 ஜூனில் வெளியிட்ட விதிகளின்படி, 2.5 லட்சம் ரூபாய் வரையிலான கடனுக்குத் தங்க மதிப்பில் 85 சதவீதம் வரை தரலாம். விலை மாறாமல் இருந்தால் நம் சங்கிலிக்கு அதிகபட்சம் 1,36,000 ரூபாய். வாங்கக் கொடுத்தது 1,81,333.

அவசரத்துக்கு அடகு வைக்கவென்றே வாங்கும் நகை என்றால், கல் இல்லாத, சேதாரம் குறைவான எளிய சங்கிலியோ வளையலோ எடுப்பதே கணக்குக்குச் சரி. வேலைப்பாடு மிகுந்த ஆரத்துக்கு 20 சதவீதச் சேதாரம் கொடுத்தால், அதே 16 கிராமுக்கு 16,000 ரூபாயும் அதற்கான வரியும் கூடுதலாகப் போகும். அடகுக் கடையில் இரண்டுக்கும் ஒரே மதிப்புதான்.