ஒரே ஆர்டர் மூன்று முறை

படிவம் நிரப்பும் ஸ்கிரிப்ட் என்பது ஒரு பட்டியலின் வரிகளை ஒவ்வொன்றாக எடுத்து, ஆள் உட்கார்ந்து தட்டச்சு செய்து பொத்தானை அழுத்தும் வேலையைத் தானே செய்துவிடும் சிறு நிரல். உதிரிபாகங்களை விநியோகிக்கும் ஒரு நிறுவனத்தில், கடைகளிலிருந்து பகலில் திரண்ட ஆர்டர்களைக் கிடங்கின் கணினிக்குள் ஏற்றியது இப்படிப்பட்ட ஒரு ஸ்கிரிப்ட்தான். இரவுப் பணியில் இருந்த பெண் நிரலாளர் ஒருவர் அதை எழுதியிருந்தார். நள்ளிரவு தாண்டி 1:55-க்குத் தொடங்கும்; ஒரே நேரத்தில் நான்கு வரிகளை அனுப்பும்; பத்து நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

ஒரு கடைக்கு ஒரே பெட்டி மூன்று முறை போய்ச் சேர்ந்த பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. அன்றைய பட்டியலில் 412 வரிகள். 412-ம் வெற்றி என்றது ஸ்கிரிப்ட். கிடங்கின் டேட்டாபேஸில் இருந்தவையோ 420 பதிவுகள்.

அவருடைய முதல் சந்தேகம் பட்டியலின் மேல் விழுந்தது. வரி எண்களை வரிசைப்படுத்தி, இரண்டு முறை வருபவை உண்டா என்று பார்த்தார், ஒன்றும் இல்லை. அடுத்தது, முந்தைய ஓட்டம் முடிவதற்குள் ஸ்கிரிப்ட் மறுபடி தொடங்கி, இரண்டு பிரதிகள் ஒன்றாக ஓடியிருக்குமோ என்ற சந்தேகம். அப்படி நடந்திருந்தால் நூற்றுக்கணக்கான வரிகள் இரட்டித்திருக்கும். எட்டு மட்டும் கூடியதற்கு அது விளக்கம் ஆகாது.

பிறகு அவர் செய்ததுதான் வழக்கைத் திறந்தது. கூடுதல் பதிவுகளை அழிக்காமல், அவை பதிவான நேரத்தோடு வரிசையாக அடுக்கினார். நான்கு ஆர்டர்கள், ஒவ்வொன்றும் மும்மூன்று முறை. ஒன்றின் நேரங்கள் 02:00:02, 02:00:32, 02:01:04. மற்ற மூன்றிலும் இதே இடைவெளிகள்: முதலில் 30 விநாடி, அடுத்து 32 விநாடி. மனிதத் தவறோ கெட்டுப்போன பட்டியலோ இவ்வளவு ஒழுங்காக இருக்காது. எங்கோ ஒரு கடிகாரம் ஓடுகிறது என்று பொருள். பதில் வர 30 விநாடிதான் காத்திருக்க வேண்டும் என்று ஸ்கிரிப்டில் எழுதியவர் அவரே.

நிரலைத் திறந்ததும் இந்த வரிகள் கண்ணில் பட்டன:

```python
retry = Retry(total=3, backoff_factor=1,
              allowed_methods=None)
```

பைத்தானின் `requests` நூலகம் அடியில் `urllib3` என்ற இன்னொரு நூலகத்தைக் கொண்டு இயங்குகிறது. ஒரு கோரிக்கைக்குப் பதில் வராவிட்டால் அதை மறுபடி அனுப்பச் சொல்வதுதான் `Retry`. முதல் மறுமுயற்சியை அது உடனே செய்யும். இரண்டாவதற்கு முன் 2 விநாடி பொறுக்கும். 30-க்கும் 32-க்கும் கணக்கு அங்கேயே தீர்ந்துவிட்டது.

ஆனால் இந்த நூலகம் இயல்பாகவே `POST` கோரிக்கையை மறுபடி அனுப்பாது. ஒரு பக்கத்தைப் பார்ப்பதற்கான `GET`-ஐப் பத்து முறை அனுப்பினாலும் எதுவும் மாறாது. புதுப் பதிவு உண்டாக்கும் `POST`-ஐ இரண்டு முறை அனுப்பினால் இரண்டு பதிவுகள் உண்டாகலாம். அதனால்தான், திரும்ப அனுப்பினாலும் பாதகமில்லை என்று தெரியாதவரை இத்தகைய கோரிக்கையைத் தானாக மறுபடி அனுப்பக் கூடாது என்கிறது 2022-இல் வெளியான RFC 9110 என்ற இணைய நெறிமுறை ஆவணம். `allowed_methods=None` என்ற அந்தச் சிறு துண்டு இந்தக் காவலை நீக்கிவிடுகிறது. முன்பு எப்போதோ இணைப்பு அடிக்கடி அறுந்தபோது, எதுவும் விடுபடக் கூடாது என்று சேர்த்தது அது. மறுமுயற்சி நடப்பதை நூலகம் எச்சரிக்கையாகக் குறிக்கும்தான். லாக் வசதியை ஸ்கிரிப்ட் இயக்கி வைக்காததால் அது யார் கண்ணிலும் படவில்லை.

சர்வர் பக்கத்துச் சாட்சியும் கிடைத்தது. முன்னால் நிற்கும் `nginx`, பதில் கொடுப்பதற்குள் எதிர்முனை இணைப்பை அறுத்துவிட்டால் 499 என்ற எண்ணை எழுதி வைக்கும். அந்த ஆர்டருக்கு 02:00:32-இல் ஒரு 499, 02:01:02-இல் இன்னொரு 499, 02:01:12-இல் வெற்றியைக் குறிக்கும் 201. முதல் இரண்டு முறையும் ஸ்கிரிப்ட் காத்திருப்பதைக் கைவிட்டது. பின்னால் இருந்த பயன்பாடு கைவிடவில்லை. வந்த வேலையை முடித்துப் பதிவும் செய்துவிட்டது. மூன்றாவது பதில் மட்டுமே திரும்பி வந்ததால் ஸ்கிரிப்ட் அதை ஒரே வெற்றியாக எண்ணியது.

அப்படியானால் சரியாக இரண்டு மணிக்கு சர்வர் ஏன் திணறியது? அந்த நேரத்தில்தான் `mysqldump` கொண்டு பேக்கப் எடுக்கப்பட்டது. இயல்பான அமைப்பில் அது அட்டவணைகளைப் பூட்டிவிட்டுப் படியெடுக்கும். புதிதாக எழுத வருபவை பூட்டு திறக்கும்வரை வெளியே நிற்க வேண்டும். அன்றிரவு பூட்டு திறக்க 70 விநாடி ஆனது. அந்தக் கணத்தில் கையில் இருந்த நான்கு வரிகளும் மாட்டிக்கொண்டன. டேட்டாபேஸ் சிறியதாக இருந்த மாதங்களில் பேக்கப் 30 விநாடிக்குள் முடிந்ததால் கோளாறே தெரியவில்லை. 30-ஐத் தாண்டிய பிறகு ஒவ்வொரு ஆர்டரும் இரட்டித்து, தினமும் நான்கு கூடுதல் பதிவுகள் வந்திருக்கின்றன. 60 விநாடியையும் தாண்டியதும் அது எட்டானது. நிரலில் யாரும் கை வைக்காமலே தவறு ஏன் முளைத்து வளர்ந்தது என்பதற்கு இதுதான் விளக்கம்.

திருத்தம் என்று முதலில் தோன்றுவது, மறுபடி அனுப்பும் முன் அந்த ஆர்டர் ஏற்கெனவே பதிவாகிவிட்டதா என்று டேட்டாபேஸைக் கேட்பது. இங்கே அது உதவாது. 30-வது விநாடியில் கேட்டால், முதல் கோரிக்கை இன்னும் பூட்டுக்கு வெளியேதான் நிற்கும். பதிவு இல்லை என்றே பதில் வரும். ஸ்கிரிப்ட் நம்பி மறுபடி அனுப்பும். காத்திருக்கும் நேரத்தை 120 விநாடியாக்குவதும் தவணை வாங்குவதுதான். டேட்டாபேஸ் வளர்ந்துகொண்டே இருக்கும். கடையும் பொருளும் ஒன்றாக இருந்தால் தள்ளிவிடலாம் என்றால், ஒரே கடை ஒரே பொருளை ஒரே நாளில் உண்மையாகவே இரண்டு முறை கேட்பதுண்டு.

அவர் செய்தது வேறு. பட்டியலின் ஒவ்வொரு வரிக்கும், முதல் முறை அனுப்புவதற்கு முன்பே, ஒரு தனி அடையாள எண்ணை உண்டாக்கிக் கோப்பில் எழுதி வைத்தார். எத்தனை முறை அனுப்பினாலும் அந்த வரியோடு அதே எண் போகும். ஒவ்வொரு முயற்சிக்கும் புது எண் உண்டாக்கினால் இந்த ஏற்பாட்டால் பயனே இல்லை. பலர் சறுக்கும் இடம் இது. டேட்டாபேஸில் அந்த எண் ஒரு முறைக்கு மேல் வரக் கூடாது என்ற கட்டுப்பாடு வைக்கப்பட்டது:

```sql
ALTER TABLE orders
  ADD COLUMN request_key CHAR(36),
  ADD UNIQUE (request_key);
```

ஒன்றாகக் காத்து நிற்கும் மூன்று கோரிக்கைகளில் ஒன்றே உள்ளே போகும். மற்ற இரண்டையும் டேட்டாபேஸ் மறுக்கும். அப்போது பிழை காட்டாமல், ஏற்கெனவே பதிவான ஆர்டர் எண்ணையே பதிலாகக் கொடுக்கும்படி பயன்பாடும் மாற்றப்பட்டது. இதற்குப் பிறகு `POST`-ஐ மறுபடி அனுப்புவதில் ஆபத்து இல்லை என்பதால் மறுமுயற்சியை நீக்கவும் தேவை இருக்கவில்லை.

InnoDB அட்டவணைகளுக்கு `--single-transaction` என்ற தெரிவைச் சேர்த்தால் பேக்கப் அவற்றைப் பூட்டாது. அதையும் சேர்க்க முடிவானது. ஆனால் திருத்தம் பிடிக்கிறதா என்று பார்க்க, பேக்கப்பை ஓர் இரவு பழையபடியே ஓடவிட்டார். பட்டியலில் அன்றைக்கு 398 வரிகள். 406 கோரிக்கைகள் சர்வரை அடைந்தன. எட்டு 499-கள் லாக்கில் இருந்தன. டேட்டாபேஸில் இருந்தவை 398 பதிவுகள்.