அருவி இருந்த இடத்தில் பாட்டி

கிரகப்பிரவேசத்தன்று பேத்தியை ஹால் சுவரோரம் நிற்கவைத்துச் செல்போனில் எடுத்த படம். பிள்ளைக்குப் பின்னால் ஃப்ரேம் போட்ட அருவிப் படம் ஒன்று மாட்டியிருக்கிறது. ஆல்பம் போடும் நேரத்தில் வீட்டுக்காரர் கேட்கிறார்: "தம்பி, அந்த அருவியை எடுத்துட்டு எங்க அம்மா போட்டோவை வெச்சுத் தர முடியுமா?" கையில் கொடுப்பது ஒரு பழைய பாஸ்போர்ட் சைஸ் படம்.

டிசைன் வேலை தெரிந்தவர்களுக்கு இது பத்து நிமிட வேலை மாதிரி தெரியும். படத்தை வெட்டு, நாலு மூலையையும் இழுத்துப் பொருத்து, முடிந்தது. அப்படிச் செய்து தரப்பட்ட படங்களை எத்தனையோ வீடுகளில் பார்க்கலாம். பாட்டி ஃப்ரேமுக்குள் இருக்க மாட்டார். ஃப்ரேமின் மேல் ஸ்டிக்கராக ஒட்டியிருப்பார். ஏன் என்று கேட்டால் யாருக்கும் சொல்லத் தெரியாது, ஆனால் ஏதோ இடிக்கிறது என்று எல்லோருக்கும் தெரியும். பெரும்பாலும் காரணம் இரண்டுதான்: ஒன்று கோணம், இன்னொன்று கண்ணாடி.

முதலில் கோணம். படம் எடுத்தவர் ஃப்ரேமுக்கு நேர் எதிரே நிற்கவில்லை, இடப்பக்கமாக ஒதுங்கி, சுமார் ஐந்தடி தூரத்தில் நின்று எடுத்திருக்கிறார். அதனால் ஃப்ரேமின் இடது ஓரம் அவருக்குக் கிட்டே, வலது ஓரம் எட்டே. உள்ளே இருக்கும் படம் 12×18 அங்குலம் என்று வைத்துக்கொள்வோம். போட்டோவில் அளந்தால் இடது ஓரம் 900 பிக்சல் உயரம், வலது ஓரம் 780, இரண்டுக்கும் நடுவே அகலம் 360. செவ்வகமாக இருந்தது ஒரு பக்கம் சுருங்கிய நாற்கரமாகிவிட்டது.

இப்போது ஒரு கேள்வி. பாட்டியின் மூக்கு படத்தின் நட்டநடுவில் இருக்கிறது. போட்டோவில் அது எங்கே வரவேண்டும்? 360-இல் பாதி 180 என்று சொல்லத் தோன்றும். அது தவறு. கிட்டே இருக்கும் பாதி பெரிதாகவும் எட்டே இருக்கும் பாதி சிறிதாகவும் தெரிவதால், நடுக்கோடு இடது ஓரத்திலிருந்து 193-ஆவது பிக்சலில் விழும். இதற்குக் கணக்கு போடவே வேண்டாம். நாற்கரத்தின் எதிரெதிர் மூலைகளைக் கோடு போட்டு இணைத்தால், இரண்டு கோடுகளும் வெட்டிக்கொள்ளும் இடம்தான் உண்மையான நடு. 13 பிக்சல் என்பது கேட்கச் சின்னது. ஆனால் 12 அங்குலப் படத்தில் அது கிட்டத்தட்ட அரை அங்குலம். முகம் ஒரு பக்கமாக வழுக்கிப்போனது போலிருக்கும்.

எல்லா மென்பொருளும் இதைச் சரியாகச் செய்வதில்லை. போட்டோஷாப்பில் `Distort`, கிம்ப்பில் `Perspective` ஆகியவை மூலைகளை இழுக்கும்போது உள்ளே இருப்பதையும் இந்த முறைப்படியே சுருக்குகின்றன. `Skew` அப்படியல்ல, அது படத்தைச் சாய்க்க மட்டுமே செய்யும். சில சின்னச் செயலிகள் நாற்கரத்தை இரண்டு முக்கோணங்களாகப் பிரித்துத் தனித்தனியாக நீட்டிவிடும். சோதிக்க எளிய வழி உண்டு. பாட்டி படத்தின் நகல் ஒன்றில் மூலைக்கு மூலை பெருக்கல் குறி போட்டு, அதை ஃப்ரேமில் பொருத்திப் பாருங்கள். கோடுகள் நேராகவே இருந்தால் சரி. வளைந்தாலோ பாதியில் ஒடிந்தாலோ அந்தச் செயலியை நம்ப வேண்டாம்.

மூலைகளைத் தொடுவதற்கு முன்னால் செய்யவேண்டிய காரியம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். பாஸ்போர்ட் படம் 35×45 மில்லிமீட்டர், ஃப்ரேமோ 12×18. இரண்டின் விகிதமும் வேறு. அப்படியே இழுத்துப் பொருத்தினால் கோணம் அச்சுப்பிசகாமல் இருக்கும், ஆனால் முகம் ஏழில் ஒரு பங்கு ஒல்லியாகிவிடும். கோணத்தின் மேல் பழியைப் போட்டு மூலைகளை மறுபடி மறுபடி நகர்த்திக்கொண்டிருப்பார்கள். முதலிலேயே படத்தை 2:3 அளவுக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். தலைக்கு மேல் இடம் போதாவிட்டால் பின்புலத்தை மேலே நீட்டிக்கொள்ளலாம்.

அதே சமயம், பக்கவாட்டிலிருந்து பார்க்கும் படத்தில் முகம் ஒடுங்கித்தான் தெரியும். நம் கணக்கில் நேரில் தெரியும் அகலத்தில் மூன்றில் இரண்டு பங்குகூட மிஞ்சாது. "அம்மா மெலிஞ்ச மாதிரி இருக்காங்களே" என்று வீட்டுக்காரர் சொன்னால், அதற்கு இணங்கி முகத்தை அகலப்படுத்தக் கூடாது. பக்கத்திலேயே மாட்டியிருக்கும் காலண்டர் முருகனும் அதே அளவுக்கு மெலிந்திருப்பதைக் காட்டினால் போதும். கண்களையும் திருத்த வேண்டாம். கேமராவைப் பார்த்து எடுத்த படம் எந்தப் பக்கமிருந்து பார்த்தாலும் நம்மையே பார்க்கும்.

பழைய வீடுகளில் இன்னொரு சிக்கல் வரும். அங்கே படங்களை உயரத்தில், கீழ் விளிம்பு சுவரில் பட, மேல் விளிம்பு முன்னால் சாய்ந்து நிற்கும்படி கயிற்றில் மாட்டியிருப்பார்கள். சுவரில் டைல்ஸோ ஜன்னல் சட்டமோ இருந்தால் அதை வைத்துக் கோணம் பிடிக்க ஆசை வரும். படுக்கைக் கோடுகளுக்கு அது உதவும், செங்குத்துக் கோடுகளுக்கு உதவாது. ஏனென்றால் ஃப்ரேம் சுவரின் தளத்தில் இல்லை. ஃப்ரேமின் சொந்த மூலைகளைத்தான் நம்பவேண்டும். அதிலும் மரச்சட்டத்தின் வெளி மூலைகளை அல்ல, உள்ளே கண்ணாடி தொடங்கும் மூலைகளை. இடப்பக்கமிருந்து பார்க்கும்போது இடது சட்டத்தின் உதடு படத்தின் ஓரத்தைக் கொஞ்சம் மறைக்கும். வலது சட்டத்தின் உள்பக்கக் கனம் கண்ணுக்குத் தெரியும். ஆகவே பாட்டி படத்தை இடது சட்டத்துக்கு அடியில் சற்றே நுழையவிட்டு மாஸ்க் போட்டு மறைக்க வேண்டும். வலது பக்கத்தில் அந்த மரக்கனத்தின் மேல் ஏறிவிடாமல் நிறுத்த வேண்டும்.

இனி கண்ணாடி. சாதாரணக் கண்ணாடி தன்மேல் நேராக விழும் ஒளியில் சுமார் 8 சதவீதத்தைத் திருப்பி அனுப்பும், முன்பக்கம் பாதி, பின்பக்கம் பாதி. பார்வை சாயச் சாய இது கூடும். நம் போட்டோவில் 50 டிகிரி சாய்வு, அதாவது ஏறக்குறைய 11 சதவீதம். எதிரே பகல் வெளிச்சத்தில் ஜன்னல் இருந்தால், அது ஹாலுக்குள் இருக்கும் ஒரு காகிதப் படத்தைவிடப் பல பத்து மடங்கு பிரகாசம். அதில் 11 சதவீதமே அருவியை வெள்ளையாக அழித்துவிடப் போதும்.

இந்தப் பளபளப்பு படத்தின் மேல் இருக்கும் கறை அல்ல, அறையின் பிம்பம். ஃப்ரேமின் இடத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை மாட்டியதாக நினைத்தால் அதில் என்ன தெரியுமோ, அதுதான் மங்கலாக இங்கே தெரிகிறது. கேமரா இடப்பக்கம் நின்றால் அறையின் வலப்பக்கம் தெரியும். முன்னால் சாய்த்து மாட்டிய படத்தில் கூரை விளக்கு தெரிவது குறையும், தரையும் சோபாவும் தெரியும். பத்து டிகிரி சாய்த்தால் பிம்பம் இருபது டிகிரி இறங்கும். இணையத்தில் கிடைக்கும் குறுக்குவாட்டு வெள்ளைக் கீற்றை எடுத்து எல்லா ஃப்ரேமிலும் ஒட்டுகிறவர்கள் பிடிபடுவது இங்கேதான். அப்படி ஒரு கீற்றைத் தரக்கூடிய ஜன்னல் அந்த வீட்டிலேயே இருக்காது.

ஃப்ரேம் கைக்கு எட்டுமானால் சிறந்த வழி ஒன்று உண்டு. அருவியைக் கழற்றிவிட்டுக் கண்ணாடிக்குப் பின்னால் கறுப்புத் துணி வைத்து, அதே இடத்திலிருந்து, அதே நேர வெளிச்சத்தில் இன்னொரு படம் எடுக்க வேண்டும். கறுப்பு ஒளியை ஏறக்குறைய திருப்பித் தராது, ஆகவே அந்தப் படத்தில் பதிவது பிம்பம் மட்டுமே. அதைப் பாட்டி படத்துக்கு மேல் லேயராக வைத்து, கலப்பு முறையை `Screen` என்று மாற்றினால் கறுப்பு மறைந்து ஒளி மட்டும் ஏறும். மென்பொருள் உள்ளே செய்யும் கணக்கு இது, 0 கறுப்பு, 1 வெள்ளை:

```
1 - (1 - A) × (1 - B)
```

A பாட்டி படத்தின் ஒரு புள்ளி, B பிம்பத்தின் அதே புள்ளி. பிம்பம் 0.30 என்று கொள்வோம். பாட்டியின் கருங்கூந்தல் 0.10 என்றால் அது 0.37 ஆகிறது. வெள்ளைச் சேலை 0.85 என்றால் 0.895 மட்டுமே. அதாவது ஒரே ஜன்னல் கூந்தலில் பளிச்சென்று தெரியும், சேலையில் காணாமல் போகும். கண் எதிர்பார்ப்பது இதைத்தான். கூந்தல் கன்னங்கரேலென்று இருக்க, பளபளப்பு சேலையில் மட்டும் தெரிந்தால் ஒட்டு வேலை வெளிச்சமாகிவிடும்.

நம் வீட்டுக்காரரிடம் இருப்பதோ முடிந்துபோன நாளின் போட்டோ, கறுப்புத் துணிக்கு வழியில்லை. பலரும் இங்கே பாட்டி படத்தின் `Opacity`-ஐக் குறைத்துவிடுவார்கள், கீழே இருக்கும் பழைய பளபளப்பு தானாகத் தெரியட்டும் என்று. பளபளப்பு தெரியும், கூடவே பாட்டியின் கன்னத்தில் அருவியும் கொட்டும். அதற்குப் பதில் அருவிப் படத்தின் கரும்பாறைகளைப் பாருங்கள். உண்மையில் அவை கறுப்பு. போட்டோவில், ஜன்னல் பிம்பம் விழாத மூலையில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் முறையே 28, 30, 34 என்று காட்டினால், அந்த 30 சொச்சம் முழுக்கக் கண்ணாடி சேர்த்த ஒளி என்று கொள்ளலாம். நீலம் சற்றுத் தூக்கலாக இருப்பது வானத்தின் பங்கு. எனவே பாட்டி படத்தில் `Levels` திறந்து, மிகக் கறுத்த இடமும் 30-க்குக் கீழே போகாதபடி வெளியீட்டு அளவை உயர்த்த வேண்டும். மேல் எல்லைக்குச் சுவரைப் பார்க்கலாம். அதே வெளிச்சத்தில் வெள்ளைச் சுவர் 190 என்று இருக்க, பாட்டியின் சேலை 250-இல் ஜொலிக்க நியாயமில்லை. இந்த ஒரு திருத்தத்திலேயே பாதி ஸ்டிக்கர்த்தனம் போய்விடும்.

ஜன்னல் விழுந்து முழுக்க வெளுத்த பகுதியில் அருவியின் தடயமே இல்லை. அதை அப்படியே வெட்டி மேல் லேயரில் வைத்துக்கொள்ளலாம். அதைச் சுற்றி மெல்ல மங்கும் பகுதியைத்தான் கையால் வரையவேண்டும். கறுப்பு நிரப்பிய `Screen` லேயரில், பாறைகளில் எடுத்த நிறத்தையே கொண்டு, பெரிய மென்மையான பிரஷ்ஷால். அருவியின் வெண்ணுரைமேல் பிம்பம் எவ்வளவு இருந்தது என்பதை ஒருபோதும் துல்லியமாகப் பிரிக்க முடியாது. அங்கே பக்கத்துப் பாறைகளை வைத்து ஊகிப்பதுதான் வழி. பிறகு ஃப்ரேமின் நிழலுக்கு ஒரு `Multiply` லேயர், ஒளி வரும் பக்கத்துச் சட்டத்தை ஒட்டி மட்டும். கடைசியாக, சுற்றியிருக்கும் சுவரில் தெரியும் செல்போன் புள்ளிமணலையும் மங்கலையும் பாட்டிக்கும் கொடுக்க வேண்டும். ஸ்கேன் செய்த படம் சுவரைவிடக் கூர்மையாக இருக்கக் கூடாது.

வேலை முடிந்ததும் வீட்டுக்காரர் பெரும்பாலும் இன்னொன்று கேட்பார்: "பொட்டும் மாலையும் போட்டுடுங்க தம்பி." பொட்டு ஒட்டுவது காகிதத்தில் அல்ல, கண்ணாடியின் மேல். ஆகவே குங்குமம் பளபளப்பு லேயருக்கு மேலேதான் வரவேண்டும்; ஜன்னல் பிம்பம் நெற்றியை வெளுத்தாலும் பொட்டை வெளுக்காது. சந்தன மாலை சட்டத்தையும் தாண்டி முன்னால் தொங்குவதால் சுவரிலும் கண்ணாடிக்குள்ளிருக்கும் படத்திலும் நிழல் விழும், கண்ணாடியில் அதன் பின்பக்கம் லேசாகப் பிரதிபலிக்கவும் செய்யும். கீழே சிவப்பு ஜீரோ வாட் பல்பும் வேண்டுமென்றால் அதன் புள்ளி கண்ணாடியில் எங்கே தெரியும் என்பதை மறுபடி முதலிலிருந்து யோசிக்க வேண்டும், அதற்குத் தனிக் காசு கேட்பதில் தப்பில்லை.