கோலாலம்பூருக்கு 91, சென்னைக்கு 24

“நூறு எம்பிபிஎஸ்சுக்கு மாசாமாசம் காசு கட்டுறேன் தம்பி. ராத்திரி ஆனா இருபத்து நாலுதான் காட்டுது” என்று லூமுட் ஒட்டுக்கடையில் எதிரே உட்கார்ந்திருந்த பெரியவர் கைப்பேசியை நீட்டினார். மகள் சென்னையில் படிக்கிறாள். இரவு ஒன்பதரைக்கு வீடியோவில் பேசும்போது அவள் முகம் அப்படியே உறைந்துபோகிறது. குரல் மட்டும் விட்டுவிட்டு வருகிறது. வீட்டு லைன் கெட்டுவிட்டது என்பது அவர் முடிவு. கம்பெனியை மாற்றவும் யோசித்துக்கொண்டிருந்தார்.

திரையில் 24 என்ற எண் பெரிதாக இருந்தது. அதற்குக் கீழே சின்ன எழுத்தில் சர்வர் சென்னை என்று இருந்தது. முதலில் படிக்க வேண்டியது அந்தச் சின்ன எழுத்தைத்தான். வேகச் சோதனை உங்கள் லைனை மட்டும் அளப்பதில்லை. கையிலிருக்கும் கருவியில் தொடங்கி வைஃபை, ரௌட்டர், தெருவில் போகும் ஃபைபர், கம்பெனியின் வலை, மற்ற வலைகள் என்று குறிப்பிட்ட ஒரு சர்வர் வரை போகும் முழுப் பாதையையும், அந்தச் சில வினாடிகளுக்கு மட்டும் அளக்கிறது. வழியில் எந்த இடம் குறுகலோ, அந்த இடத்தின் வேகமே திரையில் வரும்.

அதனால் பாதையைத் துண்டு துண்டாகச் சோதிக்க வேண்டும். பெரியவரிடம் மடிக்கணினியில் கேபிளைச் செருகி, Change Server என்ற இடத்தைத் தொட்டு, கோலாலம்பூர் சர்வருக்கும் சென்னை சர்வருக்கும் பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை பார்க்கச் சொன்னேன். பகல் 11 மணிக்குக் கோலாலம்பூருக்கு 94, சென்னைக்கு 81. இரவு 9.30க்குக் கோலாலம்பூருக்கு 91, சென்னைக்கு 24. பகலில் கைப்பேசியை எடுத்துக்கொண்டு சமையலறையில் நின்று பார்த்தபோது கோலாலம்பூருக்கே 38தான்.

முதலில் 94ஐ எடுத்துக்கொள்வோம். மீதி ஆறு எங்கே போனது என்று கேட்டார். நூறு எம்பிபிஎஸ் கேபிள் இணைப்பில் ஒவ்வொரு தரவுப் பொட்டலத்தோடும் முகவரி, சரிபார்ப்பு முதலியவையும் சேர்ந்து பயணிக்கின்றன. அவை ஐந்து விழுக்காட்டுக்கு மேல் இடம் பிடித்துக்கொள்வதால் 94, 95 என்பதே அந்த இணைப்பின் உச்சம். இதில் இன்னொரு தடயமும் உண்டு. 300 திட்டத்துக்குப் பணம் கட்டும் வீட்டில் எப்போது பார்த்தாலும் 94ஐத் தாண்டவில்லை என்றால், கம்பெனியைக் கூப்பிடுவதற்கு முன் கேபிளைப் பாருங்கள். அதற்குள் எட்டு கம்பிகள் இருக்கின்றன. ஒன்று அறுந்தாலும் இணைப்பு நான்கு கம்பிகளில் ஓடும் நூறு வேகத்துக்கு இறங்கிவிடலாம். பழைய ரௌட்டரின் நூறு வேகத் துளையும் இதே எண்ணைத்தான் காட்டும்.

எம்பிபிஎஸ் என்பது மெகாபிட். படம் இறங்கும்போது திரையில் ஓடுவது மெகாபைட். எட்டால் வகுத்தால் 94 என்பது வினாடிக்குப் பன்னிரண்டு மெகாபைட்டுக்குச் சற்றுக் குறைவு. ஒரு ஜிகாபைட் படம் இறங்க ஒன்றரை நிமிடம் ஆகும். 12 என்று பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று நினைக்க வேண்டாம்.

சமையலறையின் 38 வைஃபையின் எண். நடுவே இரண்டு சுவர்கள், அக்கம்பக்கத்து ரௌட்டர்களின் நெரிசல். கேபிளில் 94, வைஃபையில் 38 என்றால் குறுகல் வீட்டுக்குள்ளேயே இருக்கிறது. ரௌட்டரை நடுக்கூடத்துக்குக் கொண்டுவந்து, கிட்டே இருக்கும்போது 5 ஜிகாஹெர்ட்ஸ் வைஃபையைப் பிடித்தால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

அடுத்தது தூரம். ஃபைபருக்குள் ஒளி ஒரு மில்லிசெகண்டில் சுமார் 200 கிலோமீட்டர் ஓடும். லூமுட்டிலிருந்து கோலாலம்பூருக்கு 250 கிலோமீட்டர் என்று வைத்தால், போய்த் திரும்ப இரண்டரை மில்லிசெகண்டாவது வேண்டும். பெரியவரின் பிங் 7 என்பது நல்ல எண். சென்னை நேர்கோட்டிலேயே ஏறக்குறைய 2,400 கிலோமீட்டர். எப்பேர்ப்பட்ட திட்டம் வாங்கினாலும் பிங் 24க்குக் கீழே இறங்காது. பினாங்கிலிருந்து சென்னைக்குக் கடலடிக் கேபிள் இருக்கிறது. ஆனாலும் உங்கள் தரவு அதில்தான் போகும் என்றில்லை. கம்பெனி எந்தக் கேபிளில் இடம் வாங்கியிருக்கிறதோ அதில் போகும். சிங்கப்பூரைச் சுற்றியும் போகலாம். பகலில் அவருக்கு 60 வந்தது, அதில் குறையில்லை.

பிங் கூடினால் வேகமும் ஏன் குறைய வேண்டும்? லூமுட்டிலிருந்து பங்கோருக்கு ஒரே ஒரு ஃபெரி ஓடுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். போய்த் திரும்பினால்தான் அடுத்த கூட்டத்தை ஏற்ற முடியும். தீவு இன்னும் தள்ளியிருந்தால், அதே ஃபெரி ஒரு நாளில் ஏற்றும் ஆட்கள் குறைவார்கள். சர்வரும் ஒரு தொகுதியை அனுப்பிவிட்டு, வந்து சேர்ந்தது என்ற பதிலுக்குக் காத்திருக்கிறது. ஒரு தொகுதி ஒரு மெகாபைட், அதாவது 8 மெகாபிட் என்று வைத்தால், பிங் 60இல் வினாடிக்கு 133 மெகாபிட் போகும். பிங் 200 உள்ள ஊருக்கு 40தான் போகும். வழியில் பொட்டலங்கள் தொலைந்தால் சர்வர் தொகுதியின் அளவைச் சுருக்கிவிடும், வேகம் இன்னும் விழும். சோதனைச் செயலி பல இணைப்புகளைச் சேர்த்துத் திறப்பதால் இதைப் பாதி மறைத்துவிடுகிறது. செயலியில் Single என்று மாற்றிப் பார்த்தால் தெரியும்.

இனி இரவு. கோலாலம்பூர் எண் 94இலிருந்து 91க்குத்தான் இறங்கியது. வீட்டு லைனும் தெரு ஃபைபரும் உள்நாட்டு வலையும் நன்றாக இருக்கின்றன என்பதற்கு இதுவே சாட்சி. ஃபைபரைத் தெருவில் பல வீடுகள் பங்குபோட்டுக்கொள்வதால் அங்கேயும் நெரிசல் வரலாம். வந்திருந்தால் இந்த எண்ணும் சேர்ந்து விழுந்திருக்கும். விழுந்தது சென்னைப் பாதை மட்டும். நம் ஒன்பதரை அங்கே ஏழு மணி. இரண்டு நாட்டிலும் வீடு திரும்பியவர்கள் திரையைத் திறக்கும் நேரம் அது.

அப்படியும் வீடியோ உறைந்ததற்கு 24 காரணமில்லை. தெளிவான வீடியோ அழைப்புக்கு மூன்று நான்கு எம்பிபிஎஸ்ஸே போதும். அதே இரவு முடிவில் பிங் 95, ஜிட்டர் 40 என்று இருந்ததை அவர் கவனிக்கவில்லை. ஜிட்டர் என்பது தாமதத்தின் ஏற்ற இறக்கம். படம் தாமதமாக வந்தாலும் ஒரே சீராக வந்தால் பேசலாம். ஒன்று சீக்கிரமும் அடுத்தது தாமதமுமாக வந்தால் முகம் உறையும். பேசுவதற்காகச் சோதிப்பவர்கள் பெரிய எண்ணை விட்டுவிட்டு ஜிட்டரைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

கம்பெனியை மாற்றும் முன் இன்னும் இரண்டு சோதனை பாக்கி. உறையும் நேரத்திலேயே மகள் தன் விடுதியிலிருந்து சென்னை சர்வருக்குச் சோதிக்க வேண்டும். அங்கே மோசமாக இருந்தால் கோளாறு விடுதி வைஃபையில் இருக்கிறது, இங்கே எதை மாற்றியும் பயனில்லை. அங்கே நன்றாக இருந்தால், பெரியவர் வைஃபையை அணைத்துவிட்டு, வேறொரு கம்பெனியின் மொபைல் டேட்டாவில் அதே நேரத்தில் கூப்பிட வேண்டும். பேச்சு தெளிந்தால், இப்போதைய கம்பெனியின் வெளிநாட்டுப் பாதையில்தான் நெரிசல். அப்போது ஒரே நேரத்தில் எடுத்த கோலாலம்பூர் 91, சென்னை 24 இரண்டையும் சேர்த்துக் காட்டிப் புகார் கொடுக்கலாம். சென்னை எண்ணை மட்டும் காட்டினால், வீட்டு ரௌட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பதில்தான் வரும்.