அணில் எதைச் சொல்லக் கூடாது?

அமுல் வெண்ணெய்ச் சிறுமியை நமக்கெல்லாம் தெரியும். 1966-ல் சில்வெஸ்டர் டகுன்யாவின் விளம்பர நிறுவனம் உருவாக்கிய பாத்திரம் அவள். வரைந்தவர் யூஸ்டஸ் பெர்னாண்டஸ். அன்றன்றைய செய்தியைச் சொல் விளையாட்டாக்கி மேலே ஒரு வரி, அதை வெண்ணெயோடு முடிச்சுப் போட்டுக் கீழே ஒரு சிறு வரி. செய்தி மாறிக்கொண்டே இருக்கிறது, பேசும் முறை மாறவில்லை. படத்தை மறைத்துவிட்டு வரியை மட்டும் படித்தாலும் பேசுவது அவள்தான் என்று கண்டுபிடித்துவிடலாம். ஒரு சின்னத்துக்குக் குரல் இருக்கிறதா என்று பார்க்க இதைவிட நல்ல சோதனை இல்லை.

ஒரு சிறு நிறுவனம் இப்படியொரு குரலை எப்படி உருவாக்குவது? கோவில்பட்டியில் கடலை மிட்டாய் செய்கிற ஒருவர் தன் பொட்டலத்துக்கு அணில் ஒன்றைச் சின்னமாக வைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பெயர் கொறிச்சான். படம் வரைய ஆள் கிடைத்துவிடுவார். ‘சுட்டித்தனமாகப் பேச வேண்டும்’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால்தான் தொல்லை. எல்லாச் சின்னங்களுமே சுட்டிதான். ஆகவே முதலில் ஒரே ஒரு குணத்தைப் பிடிக்க வேண்டும். கொறிச்சான் யார் சொன்னாலும் நம்பமாட்டான், தானே கடித்துப் பார்த்துத்தான் முடிவு செய்வான். குணம் இதுதான் என்றானதும் அவனுக்கான வாக்கியம் தானாக வந்துவிடுகிறது: “கடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்!”

இந்த வரி நிலைக்கும் என்று நான் நம்புவதற்குக் காரணம், அது மிட்டாய்க்கு வெளியிலும் செல்லுபடியாகிறது. ‘இந்த வருஷம் கோப்பை யாருக்கு?’, ‘மழை வருமா?’ என்று எதைக் கேட்டாலும் அவன் அதையே சொல்லலாம். ‘சுவையோ சுவை’ போன்ற வரிக்கு இந்தப் பிழைப்பு கிடையாது. மிட்டாயைப் பற்றிப் பேசி முடித்ததும் அதற்கு வேலை போய்விடும்.

யாரை எப்படி அழைப்பான் என்பதையும் எழுதி வைக்க வேண்டும். சிறுவர்களை ‘நீ’, பெரியவர்களை ‘நீங்க’, கடைக்காரரை ‘அண்ணாச்சி’. ‘ஏலே’ என்று கூப்பிட வைத்தால் ஊர் மணம் வரும் என்று யாராவது யோசனை சொல்வார்கள். நெல்லைச் சீமையில் அது உரிமை. தெரியாதவர் காதில் மரியாதைக் குறைவு. பொட்டலம் எல்லா ஊருக்கும் போகுமென்றால் அதை விட்டுவிடலாம்.

சொல்லக் கூடாதவற்றின் பட்டியலில்தான் நிறைய நேரம் செலவிட வேண்டும். அந்த வாக்கியத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். அணில் தன்னைப் பற்றிச் சொல்கிறது. ‘கடிச்சுப் பாரு’ என்று குழந்தையிடம் சொல்லவில்லை. யாராவது அவசரத்தில் அப்படி மாற்றி அச்சடித்தால் அது வேறு பேச்சாகிவிடும். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022-ல் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், பொருளை வாங்கும்படியோ, வாங்கித் தரச் சொல்லிப் பெற்றோரை நச்சரிக்கும்படியோ குழந்தைகளை நேரடியாகத் தூண்டும் விளம்பரத்தை ஏற்பதில்லை. தக்க ஆதாரம் இல்லாமல் ‘சாப்பிட்டால் மூளை வளரும், பலம் கூடும்’ என்பதற்கும் இடமில்லை. கடலை மிட்டாயில் புரதம் இருக்கிறது, உண்மைதான். அதை எவ்வளவு என்ற அளவோடு பொட்டலத்தின் பின்புறம் அச்சிடலாம். கொறிச்சான் வாயால் சொல்ல வேண்டாம்.

இன்னொரு ஆபத்து நிறுவனத்தின் முகநூல் பக்கத்தில் காத்திருக்கும். ஒரு தாய் கேட்கிறார்: “என் பையனுக்குக் கடலை ஒத்துக்காதோன்னு சந்தேகமா இருக்கு, கொடுக்கலாமா?” அங்கே உட்கார்ந்திருக்கும் இளைஞர் பழக்க தோஷத்தில் “கடிச்சுப் பாத்துட்டுச் சொல்றேன்!” என்று தட்டிவிட்டால் என்னவாகும்? நிலக்கடலை ஒவ்வாமை சில குழந்தைகளுக்கு உயிர்போகும் ஆபத்து. கடித்துப் பார்ப்பதுதான் அங்கே செய்யவே கூடாதது. ஆகவே எந்த வாக்கியத்தையும் முடிவு செய்யுமுன் அதை மோசமான கேள்விகளுக்குப் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும்: ஒவ்வாமை, மிட்டாயில் கல், சிக்கு வாடை, தொழிலாளிக்கு விபத்து, ஊரில் ஒரு சாவு.

இவற்றில் எதிலும் அணில் பேசாது என்பது எழுத்தில் இருக்க வேண்டும். ஒவ்வாமைக் கேள்வி வந்தால் நிறுவனத்தின் ஆள் தன் பெயரைப் போட்டு, ‘இதில் நிலக்கடலை இருக்கிறது; மருத்துவரைக் கேட்காமல் கொடுக்க வேண்டாம்’ என்று எழுத வேண்டும். கல் இருந்தது என்று புகார் வந்தால் மன்னிப்பும், பொட்டலத்தின் தயாரிப்பு எண் என்ன என்ற கேள்வியும் அதே ஆளிடமிருந்து வர வேண்டும். பல் வலியோடு எழுதுகிறவருக்கு ஒரு கேலிச்சித்திரம் பதில் சொல்வது அவரை அவமதிப்பது. அந்தப் பேச்சு முடியும் வரை கொறிச்சானின் படம்கூட அந்தப் பதிலுக்குப் பக்கத்தில் வரக் கூடாது.